தசமம் தெரியாத சிப்

ஆர்டுயினோ ஊனோ பலகையில் நீளமாகப் படுத்திருக்கும் கறுப்புச் சிப்பின் பெயர் ஏடிமெகா328பி. அதற்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், ஒரு பைட்டுக்குள் அடங்கும் இரண்டு எண்களைப் பெருக்கவும் தெரியும். வகுக்கத் தெரியாது. தசமப் புள்ளி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனாலும் 29.8, 0.25 என்ற இரண்டு மதிப்புகளைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 30.05 என்று சரியாகவே சொல்கிறது.

அந்தக் கணக்கைப் போடுவது சிப்பின் மின்சுற்று அல்ல. நாம் நிரலை எழுதி முடித்ததும் அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலர், தசம எண் வருகிற இடத்திலெல்லாம் ஒரு சின்னத் துணை நிரலைச் சேர்த்துவிடுகிறது. கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று, வகுத்தலுக்கு ஒன்று. நம் நிரலில் ஒற்றைக் கூட்டல் குறியாகத் தெரிவது, சிப்புக்குள் நூறு அடி நடந்து முடிகிற வேலை. உங்கள் லேப்டாப்பிலும் செல்போனிலும் இதற்கென்றே தனி வன்பொருள் இருப்பதால் அங்கே யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கைக்கடக்கமான விலையில் கிடைக்கும் சின்னச் சிப்புகளில்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

அந்த நூறு அடியில் என்ன நடக்கிறது? கணினிக்குள் தசம எண்ணை 32 பிட்டுகளில் வைக்கும் முறை ஒன்றை 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரமாக வகுத்தார்கள். ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, எட்டு பிட் அடுக்குக்கு, மிச்சம் 23 பிட் எண்ணின் இலக்கங்களுக்கு. 29.8 என்பது 1.8625 பெருக்கல் 2-இன் 4-ஆம் அடுக்கு என்று உள்ளே உட்காருகிறது. 0.25 என்பது 1 பெருக்கல் 2-இன் கழித்தல் 2-ஆம் அடுக்கு. அடுக்குக்குத் தகுந்தபடி புள்ளி இடம் மாறுவதால் இதை மிதவைப் புள்ளி எண் என்கிறார்கள். நிரலில் இதன் பெயர் `float`.

இந்த இரண்டையும் அப்படியே கூட்ட முடியாது. முதலில் நான்கு பைட்டுகளாக இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் பிரித்து, குறி, அடுக்கு, இலக்கங்கள் என்று தனித்தனியாக வைக்க வேண்டும். முடிவிலி போன்ற விசேஷ மதிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடுக்குகளை ஒப்பிட வேண்டும். இங்கே வித்தியாசம் ஆறு. ஆகவே சிறிய எண்ணின் இலக்கங்களை வலப்பக்கம் ஆறு இடம் நகர்த்த வேண்டும். எட்டு பிட் சிப் ஒரு நேரத்தில் ஒரு பைட்டை, அதுவும் ஓரிடம்தான் நகர்த்தும். மூன்று பைட் இலக்கங்களை ஆறு இடம் நகர்த்த அதற்கு மட்டுமே பதினெட்டுக் கட்டளை. அதன்பின் கூட்டல், விடை பெருத்திருந்தால் அல்லது சிறுத்திருந்தால் மறுபடி நகர்த்தல், கடைசி இலக்கத்தைச் சரியாக முழுமையாக்கல், எல்லாவற்றையும் திரும்ப நான்கு பைட்டாக மடித்து வைத்தல்.

இந்தச் சிப்பில் இரண்டு பைட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட இரண்டு துடிப்பு போதும். அதே இடத்தில் `float` கூட்டல் நூறு துடிப்பைத் தாண்டும். பெருக்கல் ஏறக்குறைய 140. வகுத்தல் ஐந்நூறை நெருங்கும். ஊனோவின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஐந்நூறு துடிப்பு என்றால் சுமார் 30 மைக்ரோவிநாடி.

இந்தச் செலவு எப்போது நம்மைக் கடிக்கும், எப்போது கடிக்காது என்பதை ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துவிடலாம். எல்எம்35 என்ற மூன்றுகால் சென்சார் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் வீதம் வெளியே தருகிறது. ஏடிமெகா அந்த வோல்ட்டை அளந்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தருகிறது. பாடப் பயிற்சிகளில் நாம் அடிக்கடி பார்க்கும் வரி இது:

```
float t = adc * 5.0 / 1023.0 * 100.0;
```

சிப் 61 என்று அளந்தால் இந்த வரி 29.81 டிகிரி என்று காட்டும். இதில் முழு எண்ணை `float` ஆக்கும் வேலை ஒன்று, பெருக்கல் இரண்டு, வகுத்தல் ஒன்று. மொத்தம் எண்ணூறு துடிப்பு வாக்கில் ஆகும். ஐம்பது மைக்ரோவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு எண்ணுக்குத் தாவுவதற்கு முன்னால் ஒரு அடைப்புக்குறியே பாதிக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். `adc * (500.0 / 1023.0)` என்று எழுதினால், அடைப்புக்குள் இருப்பது இரண்டும் மாறாத எண் என்பதால் கம்பைலர் அந்த வகுத்தலை நம் கணினியிலேயே செய்து முடித்து, விடையை மட்டும் சிப்புக்கு அனுப்பிவிடும். சிப்புக்கு மிஞ்சுவது ஒரே ஒரு பெருக்கல்தான். அடைப்பு இல்லாவிட்டால் கம்பைலர் இதைத் தானாகச் செய்யாது. மிதவைப் புள்ளியில் கணக்கின் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறக்கூடும் என்பதால், எழுதிய வரிசையை மீற அதற்கு அனுமதி இல்லை.

சரி, அந்த ஐம்பது மைக்ரோவிநாடியால் வெப்பமானிக்கு நஷ்டம் உண்டா? இல்லை. சென்சாரின் வோல்ட்டை ஒரு முறை அளக்கவே இந்தச் சிப் நூறு மைக்ரோவிநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நாம் வெப்பநிலையைப் பார்ப்பதோ விநாடிக்கு ஒரு முறை. அப்படியானால் கணக்குக்கு ஆகும் நேரம் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. `float` எழுதினாலே சிப் திணறும் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இடம் வேறு கதை. அந்தத் துணை நிரல்கள் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு கிலோபைட் பிடிக்கும். ஊனோவில் 32 கிலோபைட் இருப்பதால் அது தெரியாது. ஆனால் எட்டுக் கால்களோடு வரும் ஏடிடைனி13 சிப்பின் மொத்த நிரல் இடமே ஒரு கிலோபைட்தான். அங்கே ஒரு தசமப் புள்ளி வைத்தால் வேறெதற்கும் இடம் இருக்காது. எண்ணைத் திரையில் எழுத்தாகக் காட்டும் நிரலும் தசமத்துக்குத் தனியாக இடம் கேட்கும். ஊனோவில் `sprintf` கட்டளைக்கு `%f` கொடுத்துப் பார்த்தவர்களுக்கு எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறி வந்திருக்கும். அது பழுதல்ல, இடம் வீணாக வேண்டாம் என்று தசமம் எழுதும் பகுதியை வழக்கமாகவே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

வெப்பமானியில் எனக்கு உறுத்துவது நேரமும் அல்ல, இடமும் அல்ல, அந்த 29.81 என்ற எண்தான். சிப் 60 என்று அளந்தால் திரையில் 29.33 வரும். 61-க்கு 29.81. 62-க்கு 30.30. இடையில் எதுவும் வரவே வராது. ஐந்து வோல்ட்டை 1024 படிகளாக வெட்டினால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட அரை டிகிரி. அரை டிகிரிக்கு அரை டிகிரி தாவுகிற கருவி நூறில் ஒரு டிகிரியைக் காட்டுவது பொய்ப் பெருமை. போதாததற்கு அந்த 1023-உம் சரியில்லை. சிப்பின் தரவுத்தாள் வகுக்கச் சொல்வது 1024-ஆல். அப்படி வகுத்தால் 61-க்கு 29.79 வருகிறது. ஆக, இரண்டாவது தசமத்துக்கு அர்த்தமே இல்லை. ஏழு இலக்கத் துல்லியம் உள்ள `float`, மூன்று இலக்கம்கூட உருப்படியாகத் தெரியாத அளவீட்டுக்குப் பட்டுச் சட்டை போட்டுவிடுகிறது.

இங்கே முழு எண் தாராளமாகப் போதும். செய்ய வேண்டியது அலகை மாற்றுவதுதான்: டிகிரியில் எண்ணாமல் பத்தில் ஒரு டிகிரியில் எண்ணுவது. 29.8 டிகிரி என்பது 298. ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்பதால், பத்தில் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிவோல்ட். எத்தனை மில்லிவோல்ட்டோ அதுவே விடை. சிப் தந்த எண்ணை 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுத்தால் மில்லிவோல்ட் வந்துவிடும். இரண்டையும் எட்டால் சுருக்கினால் 625, 128. நூற்றிருபத்தெட்டு என்பது இரண்டின் ஏழாவது அடுக்கு. அதனால் வகுத்தலே வேண்டாம், பிட்டுகளை வலப்பக்கம் ஏழு இடம் நகர்த்தினால் போதும்.

```
int t10 = (adc * 625UL + 64) >> 7;
```

அந்த 64 எதற்கு என்றால், நகர்த்தும்போது மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும்; 128-இல் பாதியை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் விடை அருகிலுள்ள முழு எண்ணுக்கு வந்து நிற்கும். 61-ஐப் போட்டுப் பார்ப்போம். 61 பெருக்கல் 625 என்றால் 38,125. 64 சேர்த்தால் 38,189. 128-ஆல் வகுத்தால் 298, மிச்சம் போகட்டும். 29.8 டிகிரி. நூறு துடிப்புக்குள் வேலை முடிந்தது. கூடுதல் துணை நிரல்களும் தேவைப்படவில்லை.

625-ஐ ஒட்டி நிற்கும் `UL` என்ற இரண்டு எழுத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். ஊனோவில் `int` என்பது இரண்டு பைட். 32,767-க்கு மேல் அதில் அடங்காது. `UL` சேர்த்தால் கணக்கு நான்கு பைட்டில் நடக்கும். சேர்க்காவிட்டால் நடப்பது விசித்திரமாக இருக்கும். 52 பெருக்கல் 625 என்றால் 32,500, அது அடங்கும், 25.4 டிகிரி என்று சரியாகக் காட்டும். அடுத்த படியான 53-க்கு 33,125. அது அடங்காது, வழிந்து எதிர்மறை எண்ணாக மாறும். திரை பெரும்பாலும் கழித்தல் 25.3 என்று காட்டும். ஏசி அறையில் மேசைமேல் வைத்துச் சோதிக்கும் வரை கருவி ஒழுங்காகவே நடக்கும்; மே மாத வெயிலில் வெளியே கொண்டுபோனதும் சைபீரியாவைக் காட்டும். அளவு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குறி மாறிக் கீழே விழுந்தால், ஒயரைச் சந்தேகிப்பதற்கு முன் பெருக்கலைச் சந்தேகிக்க வேண்டும். எந்த முழு எண் சூத்திரத்தையும் எழுதியவுடன், உள்ளே வரக்கூடிய மிகப் பெரிய எண்ணை, இங்கே 1023-ஐ, போட்டுப் பெருக்கிப் பார்த்துவிட்டால் இது தப்பாது.

இன்னொரு சின்னப் பொறி எண்ணைத் திரையில் காட்டும் இடத்தில் இருக்கிறது. 298-ஐப் பத்தால் வகுத்து 29, ஒரு புள்ளி, பிறகு மிச்சம் 8 என்று அச்சிடுவது வழக்கம். பூஜ்யத்துக்குக் கீழே அளக்கும் சென்சாரை ஐஸ் பெட்டிக்குள் வைத்தீர்கள்; வெப்பநிலை கழித்தல் 0.5, உள்ளே இருப்பது கழித்தல் 5. பத்தால் வகுத்தால் 0, மிச்சம் கழித்தல் 5. திரையில் வருவது `0.-5`. குறியை முதலில் தனியே அச்சிட்டுவிட்டு, எண்ணை நேர்மறையாக்கிக்கொண்டு பிறகு வகுக்க வேண்டும்.

முழு எண் என்றாலே மலிவு என்று நினைத்துவிடவும் கூடாது. இந்தச் சிப்புக்கு வகுக்கத் தெரியாது என்றேன் அல்லவா? நான்கு பைட் முழு எண்ணை 1000-ஆல் வகுக்கச் சொன்னால் அதுவும் துணை நிரல்தான். பள்ளியில் போட்ட நீள் வகுத்தலைப் போல 32 பிட்டுக்கும் ஒரு சுற்று சுற்றி, ஏறக்குறைய அறுநூறு துடிப்பை விழுங்கும். `float` வகுத்தல் 24 பிட்டுக்குத்தான் சுற்ற வேண்டும் என்பதால் அது இதைவிட விரைவாகவே முடிகிறது. `float`-ஐ எல்லாம் களைந்து முழு எண்ணாக மாற்றிய பிறகும் நிரல் வேகம் பிடிக்கவில்லை என்றால், எங்கோ ஒரு பெரிய வகுத்தல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். லாபம் தருவது முழு எண் மட்டுமல்ல; 128, 256, 1024 என்று இரண்டின் அடுக்கால் வகுக்கும்படி அலகைத் தேர்ந்தெடுப்பது. 1993-இல் வந்த டூம் விளையாட்டு இதைத்தான் செய்தது. மிதவைப் புள்ளி வன்பொருள் இல்லாத கணினிகள் அப்போது ஏராளம். அதனால் டூம் எழுதியவர்கள் 65,536-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு அந்தக் குகைகளையும் சுவர்களையும் முழு எண்ணிலேயே கணக்கிட்டார்கள்.

நேரமே விஷயமாகிற இடத்துக்கும் ஓர் உதாரணம் பார்த்துவிடலாம். ஊனோவிலிருந்து ஒலி எழுப்ப வேண்டும், விநாடிக்கு 8,000 முறை அலையின் உயரத்தை மாற்ற வேண்டும் என்றால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 2,000 துடிப்பு. `sin` சார்பை `float`-இல் ஒரு தடவை கூப்பிட்டால் ஏறத்தாழ 1,600 துடிப்பு போய்விடும். கோணத்தைப் பெருக்கி, விடையை முழு எண்ணாக்கி முடிப்பதற்குள் அடுத்த தடவைக்கான நேரம் வந்துவிடும். ஒலி கரகரக்கும், சுருதி இறங்கும். இதற்கு மாற்று, ஒரு முழு அலையை 256 எண்களாக முன்பே கணக்கிட்டு ஓர் அட்டவணையாகச் சிப்புக்குள் வைத்துவிடுவது. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டல், அட்டவணையில் ஒரு பார்வை. சில துடிப்பில் முடியும்.

வேகத்தையும் இடத்தையும் விடுங்கள்; சரியான விடைக்காகவே முழு எண் வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு. இவற்றைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். நம் வீட்டு மின்மீட்டர்கள் பலவற்றில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். முகப்பில் `3200 imp/kWh` என்று எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல். அதை ஒரு ஒளிச் சென்சாரால் எண்ணி, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி செய்கிறீர்கள். சிமிட்டல் எண்ணிக்கையை `float`-இல் வைத்து ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டுகிறீர்கள். எல்லாம் நன்றாகவே போகும், 1,67,77,216 வரை. அது இரண்டின் 24-ஆம் அடுக்கு. அதற்கு மேல் `float`-இன் இலக்கங்களில் ஒன்றாம் இடத்துக்கு இடமில்லை. அடுக்கைச் சமமாக்க நகர்த்தும்போது நீங்கள் கூட்டும் அந்த ஒன்று ஓரத்தைத் தாண்டி உதிர்ந்துவிடும். கூட்டினால் பழைய எண்ணே திரும்ப வரும். 3,200-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5,242 யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இரண்டு வருஷமும் சில மாதமும் ஓடிய பிறகு, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்க, எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதே நான்கு பைட்டை `uint32_t` என்ற முழு எண்ணாக வைத்தால் 429 கோடி வரை எண்ணலாம்.

ஜிபிஎஸ் இருப்பிடமும் இப்படித்தான். சென்னையின் தீர்க்கரேகை 80.27 டிகிரி. 64-க்கும் 128-க்கும் இடையே `float`-ஆல் காட்ட முடிந்த மிகச் சிறிய வித்தியாசம் 1,31,072-இல் ஒரு பங்கு டிகிரி. தரையில் அது எண்பது சென்டிமீட்டருக்கு மேல். டிகிரியை ஒரு கோடிப் பங்காக்கி முழு எண்ணாக வைத்தால் அதே நான்கு பைட்டில் ஒரு சென்டிமீட்டர் வரை பிரித்துச் சொல்லலாம். டிரோன்களை ஓட்டும் மென்பொருள்கள் இருப்பிடத்தை இப்படி முழு எண்ணாக வைத்திருப்பது இதனால்தான். ரூபாய்க் கணக்கைக் காசுக் கணக்காக எழுதி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் `float` எதற்கு? அளவுகளின் வீச்சு பெரிதாக இருக்கும்போதும், சூத்திரத்தில் மடக்கை போன்றவை வரும்போதும் அது நியாயமான தேர்வு. தெர்மிஸ்டர் என்ற மலிவான வெப்பச் சென்சாரின் மின்தடை, வெப்பத்தோடு நேர்கோட்டில் மாறுவதில்லை. டிகிரி கண்டுபிடிக்க `log` வேண்டும். விநாடிக்கு ஒரு முறை என்றால் தாராளமாக `float`-இல் போடுங்கள். முழு எண்ணில் அதை எழுத ஒருநாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பிழையோடு முடிப்பதில் என்ன லாபம்? இடம் இல்லாத சிப்பாக இருந்தால் மட்டும், ஐந்து டிகிரிக்கு ஒரு புள்ளி என்று அட்டவணை போட்டு, இடைப்பட்டதை நேர்கோடாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நிரலில் `float` ஒளிந்திருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. கம்பைலர் உருவாக்கிய கோப்பைக் கேட்டால் அதுவே சொல்லும்:

```
avr-nm sketch.elf | grep sf
```

`__addsf3`, `__mulsf3`, `__divsf3` என்ற பெயர்கள் வந்தால் கூட்டல், பெருக்கல், வகுத்தல் துணை நிரல்கள் உள்ளே இருக்கின்றன. நேரத்தை அளக்க வேண்டுமானால் கணக்கை ஆயிரம் முறை சுற்றவிட்டு முன்னும் பின்னும் `micros()` பார்க்கலாம். ஊனோவில் அந்தக் கடிகாரம் நான்கு நான்கு மைக்ரோவிநாடியாகத்தான் நகரும் என்பதால் ஒற்றைக் கணக்கை அளந்து பயனில்லை. கணக்கில் வரும் மாறிகளுக்கு முன்னால் `volatile` என்று எழுத மறந்தால், கம்பைலர் ஆயிரம் சுற்றையும் தேவையில்லை என்று நீக்கிவிடும். கணக்கு பூஜ்ய நேரத்தில் முடிந்ததாகத் தெரியும்.

கார்ட்டெக்ஸ் எம்4 போன்ற கொஞ்சம் பெரிய சிப்புகளில் பெரும்பாலும் மிதவைப் புள்ளி வன்பொருள் உண்டு. அங்கே `float` கூட்டல் ஒரே துடிப்பு. ஆனால் அந்த வன்பொருள் 32 பிட்டுக்கு மட்டும்தான். நிரலில் `x * 0.1` என்று எழுதினால், சி மொழியின் விதிப்படி அந்த 0.1 ஒரு 64 பிட் எண். உடனே முழுக் கணக்கும் 64 பிட்டுக்கு ஏறி, வன்பொருளை விட்டுவிட்டுப் பழையபடி துணை நிரலுக்குப் போய்விடும். `0.1f` என்று கடைசியில் ஓர் எழுத்து சேர்த்தால் திரும்ப வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவும் அதே வழிதான். அந்தச் சிப்புக்கான `nm` கட்டளையை ஓட்டி, `__aeabi_dmul` என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பைலருக்கு `-Wdouble-promotion` என்று கொடுத்தால் எந்த வரியில் ஏறியது என்பதையும் அதுவே காட்டிக் கொடுக்கும்.